தோழி என் பிள்ளைகளின் மார்க்கைத் தன் பிள்ளை மார்க்கோடு ஒப்பிடுகிறாள், நட்பு கெடாமல் நிறுத்தச் சொல்வது எப்படி?

அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் தோழியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். கல்யாணம் ஆகி அவளும் இதே தெருவுக்கு வந்து சேர்ந்தாள். என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி கண் விழித்தவள் அவள்தான். அதனால் “அவளோடு பேச்சை விட்டுவிடு” என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

என் பெண் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவள் பையன் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு. என் சின்னவன் நான்காம் வகுப்பு, அவளுடைய சின்னவளும் நான்காம் வகுப்பு. இப்படி ஜோடி ஜோடியாக அமைந்ததுதான் சிக்கலே. காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். நேராக என் பெண்ணிடம், “கணக்குல எவ்வளவுடி?” என்றாள். அவள் 64 என்றாள். “அய்யோ, தம்பி எண்பதுக்கு எழுபத்தொண்ணு எடுத்திருக்கான், நீ இன்னும் கொஞ்சம் மெனக்கெடணும்” என்றாள். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். அடுத்த நாள் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில், “இவ பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக்” என்று நாலு பேர் எதிரில் கவலைப்பட்டாள். சின்னவன் விஷயத்திலும் இதேதான். அவள் பெண் இந்தி பிராத்மிக் முடித்துவிட்டது, இவன் இன்னும் சேரக்கூட இல்லை, அபாகஸில் எத்தனாவது லெவல், இப்படியே போகும்.

இப்போது அவள் குரல் வாசலில் கேட்டால் என் பெண் மாடிக்குப் போய்விடுகிறாள். “அத்தை போயிட்டாங்களா?” என்று தம்பியை விட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அது எனக்கு மிகவும் வலிக்கிறது. சின்ன வயதில் அவள் மடியிலேயே கிடந்த பிள்ளை அது.

அரையாண்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாமணி

சகோதரி, 64 ஒன்றும் மோசம் இல்லை, கவலைப்படாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலும் வரைபடமும் கையில் இருந்தாலே மார்க் ஏறும். அந்த இரண்டும் எட்டு எட்டு மதிப்பெண் கேள்விகள், தினம் ஒன்று போட்டுப் பார்த்தாலே வந்துவிடும். கும்பகோணத்தில் சாயந்திர டியூஷன் நிறைய இருக்கிறது, இப்போதே சேர்த்தால் அரையாண்டில் வித்தியாசம் தெரியும். மார்க் ஏறிவிட்டால் உங்கள் தோழி தானாகவே பேச மாட்டார்.

அரசலாற்றங்கரை

நன்றி பாமணி. வடிவியல் பற்றிச் சொன்னதை மகளிடம் சொல்கிறேன். ஆனால் நான் கேட்டது மார்க்கை ஏற்றுவதைப் பற்றி இல்லை. அவள் 94 எடுத்தாலும் இந்தப் பேச்சு நிற்காது, “தம்பி 96” என்று வரும். பேச்சை நிறுத்துவதுதான் எனக்கு வேண்டும்.

வெண்ணாற்றுக்காரன்

அக்கா, இதற்கு ஒரே பதில் போதும். இரண்டு மார்க்கும் ஒரே மார்க்கே இல்லை என்று அவருக்குப் புரிய வையுங்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு 80, மீதி 20 பள்ளியே போடும் அகமதிப்பீடு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு மட்டும்தான் 25 செய்முறை, கணக்கெல்லாம் முழுசாக நூற்றுக்கு எழுத வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணே அங்கே 33, இங்கே 35. காலாண்டு வினாத்தாளும் அங்கே அந்தப் பள்ளி எடுப்பது, இங்கே எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக வருவது. இது தெரியாமல்தான் 71-ஐயும் 64-ஐயும் பக்கத்தில் வைக்கிறார். ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், அதோடு முடிந்தது. என் மச்சானிடம் நான் அப்படித்தான் காட்டினேன், அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

நாகை_மருமகள்

நான் மாறாகச் சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் நேருக்கு நேர் போய் “இப்படிப் பேசாதே” என்று சொன்னால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். என் ஓரகத்தி இதே மாதிரிதான். அவள் பெண் முதல் குரூப், என் பையன் வொகேஷனல் குரூப். ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே பேச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. போவதைக் குறைத்துக்கொண்டேன், போனாலும் பையனைக் கூட்டிப் போவதில்லை. இப்போது பேச்சும் இல்லை, சண்டையும் இல்லை. சொல்லாமலே ஒதுங்குவதுதான் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

மன்னை_கணக்கு_டீச்சர்

நான் மன்னார்குடிப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு தாய்மார்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பிள்ளையின் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றுக்காரன் தம்பி சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் அந்த வழியில் போகாதீர்கள் அம்மா. “இந்த மார்க்கும் அந்த மார்க்கும் ஒன்றில்லை” என்று சொன்ன உடனே, ஒன்றாக இருந்தால் ஒப்பிடலாம் என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது. இன்றைக்கு இரண்டு பாடத்திட்டம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் சிபிஎஸ்இ பிள்ளைகளில் நிறையப் பேர் பிளஸ் ஒன்னுக்கு மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறி வருவார்கள். அப்புறம் இருவருக்கும் ஒரே 600 மார்க், இன்ஜினியரிங் என்றால் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று ஒரே 200 கட் ஆஃப். அன்றைக்கு உங்கள் வாதம் கையில் இருக்காது. அவர் ஒப்பிடுவார், நீங்கள் பேச வழியில்லாமல் நிற்பீர்கள். மார்க் சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகாமல், “என் பெண்ணை இப்படிப் பேசாதே” என்பதை மட்டும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் என்ன நிற்க வேண்டும் என்று நீங்களே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதில் மூன்று காரியம் இருக்கிறது. பிள்ளையிடமே நேராக மார்க் கேட்பது, நாலு பேர் நடுவில் உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசுவது, உங்களிடம் தனியாக இருக்கும்போது ஒப்பிடுவது. முதல் இரண்டும் உங்கள் பெண்ணைத் தொடுபவை, அவற்றைத்தான் இப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். மூன்றாவதை நீங்கள் கொஞ்சம் தாங்கலாம், மெதுவாகக் குறைக்கலாம். “இனிமேல் மார்க் பேச்சே வேண்டாம்” என்று மொத்தமாகச் சொன்னால் அந்த அம்மாவுக்குத் தன் பையன் சந்தோஷத்தைச் சொல்லக்கூட ஒரு இடம் இல்லாமல் போகும். அதுதான் மனக்கசப்பு ஆகும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் சொன்னால், மார்க் குறைந்த கோபம் என்றுதான் காதில் விழும். அதனால் அரையாண்டுக்கு முன்னால் என்று நீங்கள் நினைத்தது நல்லது. வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், எழுத்தில் குரல் தெரியாது, அது இன்னொருவர் கைக்கும் போகும். உங்கள் வீட்டிலும் வேண்டாம், மாடியில் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் எங்காவது நடந்து போகும்போது, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாத மாதிரி இருந்தால் பேச்சு சுலபமாக வரும்.

சொல்வது நாலு வாக்கியத்துக்குமேல் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதே. அன்னிக்குப் பேப்பர் கொடுத்த சாயந்திரம் நீ அவகிட்ட மார்க் கேட்டே இல்ல, அதுலேருந்து நீ வந்தா அவ மாடிக்குப் போயிடுறா. இனிமே அவகிட்ட மார்க் கேக்காதே, குழுவுலயும் அவ படிப்பைப் பத்திப் பேசாதே. தெரியணும்னா என்கிட்ட கேளு.”

இதில் ஒரே ஒரு சம்பவம்தான் இருக்கிறது பாருங்கள். “நீ எப்பவும் இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் அவர் பழைய நாளெல்லாம் தோண்டி, எப்போது அப்படிச் செய்யவில்லை என்று காட்டுவார். பேச்சு அங்கேயே மாறிப் போகும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அவர் பேசாமல் நடந்தாலும் பரவாயில்லை, நீங்கள் நிரப்பாதீர்கள். நிரப்பப் போனால் “பரவாயில்லடி, நான் சும்மா சொன்னேன்” என்று சொன்னதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்கள்.

வெண்ணாற்றுக்காரன்

டீச்சர், பிளஸ் ஒன் விஷயம் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உண்மை தெரிந்தால் ஒரு ஆள் மாற மாட்டாரா? 71-ஐயும் 64-ஐயும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது என்று தெரியாததால்தானே அந்த அம்மா அலட்டிக்கொள்கிறார்?

மன்னை_கணக்கு_டீச்சர்

எனக்கு அப்படித் தோன்றவில்லை தம்பி. ஒரே வகுப்பில், ஒரே வினாத்தாளில், நானே திருத்திக் கொடுத்த மார்க்கையும் ஒப்பிடுகிறார்கள். அங்கே உங்கள் விவரம் எதற்கும் உதவாது. 2017-லிருந்து மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அரசு அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அதனால் வீடுகளில் ஒப்பிடுவது நின்றதா? முடிவு வந்த அன்று பேருந்து நிலையத்துக்கு எதிரே பள்ளிகள் வைக்கும் பிளக்ஸைப் பார்த்தாலே தெரியும்.

ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பெருமைக்காகச் செய்வதில்லை என்பது என் அனுபவம். நிறையப் பணம் கட்டிப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள், அந்தப் பணத்துக்குப் பலன் இருக்கிறதா என்ற பயம் உள்ளே ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டால்தான் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கும். உங்கள் மச்சான் வாய் திறக்காமல் இருப்பது மனம் மாறியதாலா, உங்களிடம் மட்டும் பேசாமல் இருப்பதாலா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

வெண்ணாற்றுக்காரன்

அது எனக்கும் சந்தேகம்தான். அவர் என் அக்காவிடம் இன்னும் பேசுகிறார் என்று கேள்வி.

குத்தாலம்_அப்பா

பெண்கள் பேச்சு நடுவில் வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் டீக்கடையில். என் பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், நண்பன் பையன் சென்னையில் இன்ஜினியரிங். காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு ஏழெட்டு பேர் அங்கே உட்காருவோம். “உன் பையன் டிப்ளமோதானே, என் பையனுக்கு கேம்பஸ்லயே வேலை வரும்” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. என் பையன் நல்ல பையன், மோட்டார் பிரித்துப் போடுவதில் கைதேர்ந்தவன். டீச்சர் சொன்ன மாதிரி நடந்து போகும்போது சொல்வதெல்லாம் ஆண்களுக்குச் சரி வருமா? அவன் அதையும் கடையில் கொண்டுவந்து கேலி பண்ணிவிடுவானோ என்று இருக்கிறது.

மன்னை_கணக்கு_டீச்சர்

கடையில் பதில் சொல்லாதீர்கள் ஐயா. அங்கே நீங்கள் என்ன சொன்னாலும் மற்றவர்களுக்கு அது வேடிக்கை, உங்கள் நண்பருக்கும் விட்டுக்கொடுக்க வழி இருக்காது. அங்கே சிரிப்பதை மட்டும் நிறுத்துங்கள். முறைக்க வேண்டாம், டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருங்கள், அதுவே அவருக்குத் தெரியும். அப்புறம் தனியாக மாட்டும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதாவது, இரண்டே வாக்கியம். “என்னைப் பத்தி என்ன வேணா பேசு. பையனைப் பத்திக் கடையில பேசாதே, எனக்கு அது பிடிக்கல.” காரணம் விளக்க வேண்டாம். டிப்ளமோ முடித்தால் நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதைச் சொன்னால் அவர் பையனோடு உங்கள் பையனை நீங்களே ஓட விட்ட மாதிரி ஆகும். கேலி செய்வாரா என்றால், செய்யலாம். அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது.

நாகை_மருமகள்

டீச்சர், நீங்கள் எழுதியதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா “உன் பொண்ணு மார்க் கம்மி, அதான் உனக்குப் பொறாமை” என்று திருப்பிக் கேட்டால்? என் ஓரகத்தி நிச்சயம் அதைத்தான் கேட்பாள்.

மன்னை_கணக்கு_டீச்சர்

கேட்கலாம். அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். “எனக்கென்ன பொறாமை” என்று மறுக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும், கடைசியில் கேட்க வந்தது நின்றுபோகும். மறுக்காமல், “உன் பையன் மார்க்கை என்கிட்ட சொல்லு, நான் சந்தோஷமாக் கேக்குறேன். என் பொண்ணு மார்க்கை அதுக்குப் பக்கத்துல வைக்காதே” என்று சொன்னதையே திரும்பச் சொல்லலாம். “அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றால், “தெரியும், ஆனா அவகிட்ட வேண்டாம்” என்பது போதும். எந்தப் பதிலுக்கும் நீங்கள் திரும்பி வரும் வாக்கியம் ஒன்றாகவே இருக்கட்டும்.

உங்கள் ஓரகத்தி விஷயம் வேறு. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது, ஒதுங்கலாம். இவர்கள் ஒரே தெரு, தினமும் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். ஒதுங்கினால் தெருவே ஏன் என்று கேட்கும்.

அரசலாற்றங்கரை அம்மாவுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து மார்க் எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள். பாட்டி சொல்கிறாரா, தம்பி சொல்கிறானா, நீங்களே “உன் பையன் எவ்வளவு?” என்று முதலில் கேட்கிற வழக்கம் இருக்கிறதா? நீங்கள் கேட்டால் அவர் திருப்பிக் கேட்பது நியாயம்தானே. அப்புறம் பெண்ணுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள். “அம்மாகிட்ட கேளுங்க அத்தை” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மாடிக்கு ஓட வேண்டிய தேவையும் குறையும். நீங்கள் அவளுக்காகப் பேசப் போகிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அத்தையிடம் நீங்கள் பேசுவதை விடவே முக்கியம் என்று நான் சொல்வேன்.

அரசலாற்றங்கரை

டீச்சர், மாமியார்தான் சொல்கிறார். வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேத்தி மார்க்கைச் சொல்வார், பாவம், பெருமையாகத்தான். இதை நான் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இரண்டு பேரும் நடந்துதான் போவோம். அன்றைக்குச் சொல்கிறேன்.

பாமணி

இப்போதுதான் முழுசாகப் படித்தேன் சகோதரி, கேள்வியே எனக்கு இப்போதுதான் புரிந்தது. நல்லபடியாக முடியட்டும். பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.

அரசலாற்றங்கரை

எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் மழை விடுமுறை, தீபாவளி வேலை எல்லாம் சேர்ந்துகொண்டது.

சொல்லிவிட்டேன். கோயிலிலிருந்து திரும்பும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஆரம்பித்தேன். டீச்சர் எழுதிய மாதிரியே அந்தச் சாயந்திரத்தை மட்டும் சொன்னேன். மாடிக்குப் போகிறாள் என்று சொன்னபோது அவள் நின்றுவிட்டாள். “என்னைப் பார்த்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். நானும் பேசவில்லை, அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்புறம், “இத்தனை நாளா மனசுல வச்சிருந்து இப்பதான் சொல்றியா, அவ நல்லா வரணும்னுதானே சொன்னேன்” என்றாள். தெரியும், அவளிடம் மட்டும் வேண்டாம் என்றேன். வீடு வரைக்கும் வேறு ஒன்றும் பேசவில்லை.

அதற்கப்புறம் சில நாள் அவள் வரவில்லை. கூப்பிடவும் இல்லை. நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை, ஆனால் வாசலில் பார்த்தால் எப்போதும் போலப் பேசினேன். தீபாவளிப் பலகாரம் கொடுக்க வந்தாள். என் பெண் கீழேதான் இருந்தாள். மார்க் கேட்கவில்லை. “என்னடி, துணி எடுத்தாச்சா?” என்று கேட்டாள், அவ்வளவுதான். பெண் மாடிக்குப் போகவில்லை. மகளிர் குழுவிலும் இதுவரை பேச்சு இல்லை.

ஆனால் இப்போது வேறு மாதிரி வருகிறது. அரையாண்டு நடந்துகொண்டிருக்கிறது. நான் வீட்டில் இல்லாதபோது மாமியாரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பரிட்சையும் எப்படி எழுதினாள் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். மாமியாரும் சொல்கிறார். சின்னவனின் இந்தி விஷயமும் அங்கேதான் ஓடுகிறது. “அவ பொண்ணு அடுத்த பரிட்சைக்கும் கட்டிட்டாளாம், நீ ஏன் இவனைச் சேர்க்கல?” என்று இப்போது மாமியார் என்னைக் கேட்கிறார். மறுபடியும் அவளிடமே போய்ச் சொல்வதா, மாமியாரிடம் சொல்வதா?

நாகை_மருமகள்

நான் சொன்னேன் இல்லையா. வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வரும்.

வெண்ணாற்றுக்காரன்

அப்படி இல்லை அக்கா. பிள்ளையிடம் கேட்பது நின்றிருக்கிறது, குழுவில் பேசுவது நின்றிருக்கிறது. கேட்டது அந்த இரண்டுதானே.

மன்னை_கணக்கு_டீச்சர்

தம்பி சொல்வதுதான் சரி. நீங்கள் கேட்ட இரண்டையும் அவர் செய்துவிட்டார். அதை அவரிடம் சொல்லுங்கள், “நீ கேக்காம இருந்தது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு” என்று ஒரு வாக்கியம். பலர் இதைச் சொல்வதே இல்லை, குறை மட்டும்தான் சொல்கிறார்கள். செய்ததைப் பார்த்தோம் என்று தெரிந்தால்தான் அவர் தொடர்ந்து செய்வார்.

மாமியார் விஷயத்தில் தோழியிடம் இப்போது போகாதீர்கள். பெரியவர்கள் இருவர் பேசியதை நீங்கள் விசாரித்த மாதிரி ஆகும், மாமியாருக்கும் அது பிடிக்காது. மாமியாரிடம் உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும். “யாரிடமும் சொல்லாதீங்க” என்றால் அவருக்கு மனசு நோகும், பேத்தியைப் பற்றிப் பேசுவது அவர் சந்தோஷம். பேத்தி வரைந்த கோலத்தைப் பற்றிச் சொல்லட்டும், ரேங்க் கார்டு மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். அரையாண்டு மார்க் வந்ததும் கார்டை அவர் கையில் கொடுக்காமல் மகனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

சின்னவனின் இந்தி பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களும் அவனும் முடிவு செய்யுங்கள், ஆனால் அந்தப் பெண் அடுத்த பரிட்சை கட்டியதற்காகச் சேர்க்காதீர்கள்.

அரசலாற்றங்கரை

வீட்டுக்காரரிடம் சொன்னேன் டீச்சர், இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். தோழியிடமும் நீங்கள் சொன்ன வாக்கியத்தைச் சொல்கிறேன். பொதுத்தேர்வு முடிவு வரும்போது என்ன ஆகும் என்றுதான் பயம். அன்றைக்குத் தெருவே எல்லார் மார்க்கையும் கேட்கும், இவளை மட்டும் கேட்காதே என்று சொல்ல முடியாது.

குத்தாலம்_அப்பா

நானும் சொல்லிவிட்டேன். உரம் வாங்க மயிலாடுதுறை போகும்போது வண்டியில் வைத்துச் சொன்னேன். “சும்மா தமாஷுக்குடா, இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டியே” என்றான். எனக்குப் பிடிக்கவில்லை என்று மறுபடி சொன்னேன். கடையில் இப்போது பையன் பேச்சு எடுப்பதில்லை. ஆனால் என்னோடு முன் மாதிரி சிரித்தும் பேசுவதில்லை. அது சரியாகுமா ஆகாதா என்று தெரியவில்லை டீச்சர். தை அறுப்பு வரைக்கும் பார்க்கிறேன், அறுப்புக்கு அவன் மெஷின்தான் எங்கள் வயலுக்கு வரும்.